விமானம் ரத்து, பெட்டியும் தாமதம்: விமான நிறுவனத்திடம் உரிமை கோருவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தை ரத்து செய்தார்கள். மறுநாள் போய்ச் சேர்ந்தால் பெட்டியும் வரவில்லை. இரண்டையும் ஒரே புகாராக எழுதிவிடலாமா?

ஒரே கடிதத்தில் எழுதலாம். ஆனால் கடிதத்துக்குள் இரண்டு தனிக் கோரிக்கைகளாகப் பிரித்து எழுதுங்கள். ரத்துக்கான உரிமை ஒரு சட்டத்திலிருந்து வருகிறது, பெட்டிக்கான உரிமை வேறொன்றிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் காலக்கெடு வேறு, தொகையைக் கணக்கிடும் முறையும் வேறு. கலந்து எழுதினால், பதில் எழுதுபவர் தமக்கு வசதியான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

எனக்கு நேர்ந்ததையே இந்தப் பக்கம் முழுவதும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 2025 மார்ச் 10 அன்று மாலை 6.20-க்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள ஒரு விமான நிலையத்திலிருந்து, ஒன்றியத்துக்கு வெளியே, 3,500 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் உள்ள ஊருக்குப் புறப்பட வேண்டும். 4.50-க்கு ரத்து என்று பலகையில் வந்தது. மறுநாள் பிற்பகல் விமானத்தில் ஏற்றினார்கள். 12-ஆம் தேதி காலை போய்ச் சேர்ந்தேன். 10-ஆம் தேதியே ஒப்படைத்திருந்த பெட்டி வரவில்லை. 15-ஆம் தேதி காலை 11 மணிக்குத்தான் விடுதிக்கு வந்து சேர்ந்தது.

ரத்துக்கு எனக்கு என்ன கிடைக்க வேண்டும்?

எங்கிருந்து புறப்பட்டீர்கள், எந்த நிறுவனம் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கும் 261/2004 என்ற ஒழுங்குமுறை பொருந்தும். பிரிட்டன், கனடா, இந்தியா போன்ற நாடுகளுக்கு அவரவர் விதிகள் உண்டு, தொகைகள் மாறும். என் வழக்கு ஐரோப்பிய விதியில் வந்தது, அதையே விளக்குகிறேன்.

அந்த விதி மூன்று தனி உரிமைகளைத் தருகிறது. முதலாவது, தேர்வு: டிக்கெட் பணத்தை 7 நாட்களுக்குள் திரும்பப் பெறுவது, அல்லது முடிந்த அளவு சீக்கிரமாக மாற்று விமானத்தில் போவது, அல்லது உங்களுக்கு வசதியான வேறொரு நாளில் போவது. இரண்டாவது, கவனிப்பு: காத்திருக்கும் நேரத்துக்கேற்ற உணவு, இரவு தங்க நேர்ந்தால் விடுதி, விடுதிக்குப் போய்வர வாகனம். மூன்றாவது, நிலையான இழப்பீடு: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதற்கு மேற்பட்ட பயணங்களுக்கும், மற்றவற்றில் 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் வரையிலான பயணங்களுக்கும் 400, அதற்கு மேல் 600.

மூன்றாவது உரிமைக்கு ரசீது எதுவும் தேவையில்லை. டிக்கெட் விலை எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்வியே எழாது. புறப்படுவதற்கு 14 நாட்களுக்கு முன்பே தெரிவித்திருந்தால் அந்தத் தொகை கிடையாது. அதற்குப் பிந்தித் தெரிவித்தாலும், அட்டவணைக்கு நெருக்கமான நேரத்தில் மாற்று விமானம் தந்திருந்தால் சில நிலைகளில் கிடைக்காது. மாற்று விமானத்தில் அதிகம் தாமதமின்றிச் சேர்ந்தால் பாதியாகவும் குறைக்கலாம். நீண்ட தொலைவுப் பயணங்களுக்கு அந்த எல்லை 4 மணி நேரம். எனக்கு ஒன்றரை மணி நேரம் முன்புதான் தெரிந்தது, ஏறத்தாழ ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்தேன். ஆகவே முழு 600 யூரோ.

"தவிர்க்க முடியாத இயக்கக் காரணங்கள்" என்று ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். அதோடு முடிந்ததா?

முடியவில்லை. இழப்பீடு தராமல் இருக்க வேண்டுமானால் அசாதாரணச் சூழ்நிலை இருந்தது என்பதையும், நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்த பிறகும் ரத்தைத் தவிர்க்க முடியவில்லை என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும். "இயக்கக் காரணங்கள்" என்ற சொல் எதையும் நிரூபிப்பதில்லை. விமானத்தில் ஏற்படும் வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு அசாதாரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கடும் வானிலை, வான்வெளி மூடல் போன்றவை அசாதாரணமாகலாம்.

எனக்கும் இதே வரிதான் வந்தது. நான் திருப்பிக் கேட்டது இரண்டே கேள்விகள்: அன்று என்ன நடந்தது? அதைத் தவிர்க்க நீங்கள் எடுத்த நடவடிக்கை என்ன? பதிலுக்கு 14 நாள் கொடுத்தேன். பதிலில் விளக்கம் எதுவும் இல்லை. 600 யூரோ தருவதாக மட்டும் எழுதியிருந்தார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் உண்மையிலேயே அசாதாரணமானதாக இருந்தாலும் கவனிப்புக் கடமை அப்படியே நிற்கிறது. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது நாட்கணக்கில் சிக்கிய ஒரு பயணியின் வழக்கில், உணவு, தங்கும் செலவுக்கு நிறுவனம் பொறுப்பு என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. புயல் என்றால் 600 யூரோ போகலாம். விடுதிச் செலவு போகாது.

விடுதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் பணத்தில் தங்கினேன். எவ்வளவு கேட்கலாம்?

தேவையான, பொருத்தமான, நியாயமான செலவு முழுவதையும் கேட்கலாம். அந்தத் தீர்ப்பு பயன்படுத்தும் அளவுகோலே இதுதான். நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தால் எந்தத் தரத்தில் செய்திருக்குமோ, அந்தத் தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொகுசு விடுதியும் மதுவும் வாதத்துக்கு இடம் கொடுக்கும்.

என் கணக்கு: விடுதி 118 யூரோ, போக டாக்சி 32, திரும்ப 29, இரவு உணவு 21.50. மொத்தம் 200.50. நான்கு செலவுக்கும் தேதியும் நேரமும் உள்ள ரசீது இருந்தது. டாக்சி ரசீதில் மாலை 7.40 என்றும் விடுதி ரசீதில் 8.15 என்றும் அச்சாகியிருந்தது. ரத்து அறிவிப்பு 4.50, அதன் பிறகு மேசையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றது, பிறகு டாக்சி, பிறகு விடுதி. அந்த வரிசையைப் பார்த்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அட்டைக் கணக்கு அறிக்கை மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். அதில் பதிவான தேதி, செலவு செய்த தேதிக்கு இரண்டு நாள் பிந்தியதாக இருக்கலாம். என்ன வாங்கினீர்கள் என்பதும் தெரியாது. ரசீதுக்குத் துணையாக அதை வையுங்கள், மாற்றாக வைக்காதீர்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

பெட்டி பெல்ட்டில் வரவில்லை என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்வது?

வருகைக் கூடத்தை விட்டு வெளியே வரும் முன் பெட்டி விசாரணை மேசைக்குப் போய் பி.ஐ.ஆர். என்ற அறிக்கையைப் பதிவு செய்யுங்கள். அதற்கு ஒரு குறிப்பு எண் தருவார்கள்: விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி, நிறுவனத்தின் ஈரெழுத்துக் குறி, பிறகு ஐந்து இலக்கங்கள். பெட்டியை ஒப்படைத்தபோது தந்த ஒட்டுச்சீட்டில் பத்து இலக்க எண் இருக்கும். இந்த இரண்டு எண்களும்தான் பெட்டியின் கதையைச் சொல்கின்றன.

ரத்தான விமானத்தில் ஒப்படைத்த பெட்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. பெட்டி பழைய விமானத்தின் பெயரிலேயே அந்த விமான நிலையத்தின் உள்ளே தங்கிவிடுவது உண்டு. நீங்கள் மட்டும் மாற்று விமானத்தில் போய்விடுகிறீர்கள். மாற்று போர்டிங் பாஸ் வாங்கும்போதே, "என் பெட்டி புதிய விமானத்துக்கு மாற்றப்பட்டதா, புதிய ஒட்டுச்சீட்டு வேண்டுமா?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. மூன்று நாள் அதற்குத்தான் போனது.

பி.ஐ.ஆர். பதிவு செய்துவிட்டேனே, அதுவே புகார்தானே?

அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நியாயமான கோரிக்கைகள் பல வீணாவது இந்த இடத்தில்தான்.

நாடுகளுக்கிடையேயான பெரும்பாலான பயணங்களில் பெட்டிக்குப் பொருந்துவது 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. அதன் 31-ஆம் பிரிவின்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு, அது உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் புகார் அனுப்ப வேண்டும். சேதமடைந்து வந்திருந்தால் 7 நாட்கள்தான். கெடுவுக்குள் எழுதாவிட்டால், நிறுவனம் மோசடி செய்தது என்று காட்ட முடிந்தாலன்றி வழக்கே நிற்காது. நாட்கள் என்பது காலண்டர் நாட்கள்; ஞாயிறும் விடுமுறையும் சேரும்.

பி.ஐ.ஆர். பெட்டியைத் தேடுவதற்கான பதிவு. உங்களுக்கு என்ன செலவானது, எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது அதில் இல்லை. அது போதுமா போதாதா என்று பிறகு வாதாடுவதைவிட, தனிக் கடிதம் ஒன்றை அனுப்பிவிடுவது எளிது. என் பெட்டி மார்ச் 15-இல் கிடைத்தது. கெடு ஏப்ரல் 5. மார்ச் 24-இல் அனுப்பினேன். நிறுவனத்தின் இணையப் படிவத்தில் நிரப்பினால், அனுப்பும் முன் திரையைப் படமெடுத்து, தேதியோடு வரும் ஒப்புகையைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒப்புகை வராவிட்டால் அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

ரசீதுகள் முழுவதும் கையில் இல்லையே என்று கெடுவைத் தவறவிட வேண்டாம். புகாரைக் கெடுவுக்குள் அனுப்பிவிட்டு, ஆவணங்களைப் பின்னர் இணைப்பதாக அதிலேயே எழுதலாம்.

பெட்டி இல்லாத நாட்களில் என்னவெல்லாம் வாங்கலாம்?

அந்தப் பயணத்துக்கு, அந்த நாட்களுக்குத் தேவையானவற்றை வாங்கலாம். தாமதத்தால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்வதுதான் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு. அதனால் ஒவ்வொரு ரசீதும், பெட்டி வந்திருக்க வேண்டிய நேரத்துக்கும் உண்மையில் வந்த நேரத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். என் வழக்கில் அந்த இடைவெளி 12-ஆம் தேதி காலை முதல் 15-ஆம் தேதி காலை 11 மணி வரை.

12-ஆம் தேதி பற்பசை, சவரப் பொருட்கள் 18 யூரோ. உள்ளாடை, இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை 96. போன் சார்ஜர் 14. 13-ஆம் தேதி பணிக்கூட்டத்துக்காக ஒரு ஜோடி ஷூ 64. மொத்தம் 192. (வாங்கியது வேறு நாணயத்தில், அட்டையில் யூரோவாகப் பதிவான தொகையையே எழுதினேன்.) 15-ஆம் தேதி மாலை இன்னொரு கால்சட்டையும் வாங்கினேன். அதற்குள் பெட்டி வந்துவிட்டது, ஆகவே அதைச் சேர்க்கவில்லை. பொருந்தாத ஒரு ரசீது மற்ற ரசீதுகள் மீதும் சந்தேகத்தை விழவைக்கும்.

ஷூவுக்கு மட்டும் காரணம் எழுதினேன்: 13-ஆம் தேதி கூட்ட அழைப்பிதழை இணைத்து, பயணத்தில் அணிந்திருந்தது ஓட்டக் காலணி என்று ஒரு வரி. சோப்புக்கும் உள்ளாடைக்கும் யாரும் காரணம் கேட்பதில்லை. விலை கூடிய பொருளுக்குக் கேட்பார்கள். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. வீடு திரும்பும் பயணத்தில் பெட்டி தாமதமானால், வீட்டில் மாற்றுடை இருக்கும் என்பதால் இந்த வகைக் கோரிக்கை மிகவும் சுருங்கிவிடும்.

அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள்?

பெட்டி தாமதம், சேதம், இழப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். 2024 டிசம்பர் 28 முதல் இதுதான் உச்சவரம்பு. அதற்கு முன் 1,288. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதன் அன்றாட மதிப்பை நிதியத்தின் தளத்தில் பார்க்கலாம். இது பெட்டிக்கான வரம்பு அல்ல, பயணிக்கான வரம்பு. ஒருவர் இரண்டு பெட்டி கொண்டுபோனாலும் வரம்பு ஒன்றுதான். ஒரே பெட்டியில் இருவரின் உடைமைகள் இருந்தால், அதை நிரூபிக்க முடிகிற இருவரும் தனித்தனியே கோரலாம்.

உச்சவரம்பைப் பார்த்து அதையே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எல்லை, தொகை உங்கள் ரசீதிலிருந்து வர வேண்டும்.

கடிதத்தை எப்படி எழுதுவது?

கோபத்தை வெளியே வைத்துவிட்டு, தேதிகளை வரிசையாக வையுங்கள். நான் அனுப்பியதன் சுருக்கம் இது:

> பொருள்: 10.03.2025 விமான ரத்து, பெட்டித் தாமதம்: இரு கோரிக்கைகள்
>
> முன்பதிவு எண், விமான எண், பி.ஐ.ஆர். எண், பெட்டி ஒட்டுச்சீட்டு எண்: (இங்கே)
>
> கோரிக்கை 1. 10.03.2025 மாலை 6.20-க்குப் புறப்பட வேண்டிய விமானம் அன்று மாலை 4.50-க்கு ரத்து என அறிவிக்கப்பட்டது. 12.03.2025 காலை சேருமிடம் அடைந்தேன். ஒழுங்குமுறை 261/2004, பிரிவு 5, 7-இன்படி 600 யூரோ இழப்பீடும், பிரிவு 9-இன்படி நீங்கள் ஏற்பாடு செய்திருக்க வேண்டிய விடுதி, போக்குவரத்து, உணவுக்கு 200.50 யூரோவும் கோருகிறேன். ரசீதுகள் 1 முதல் 4.
>
> கோரிக்கை 2. எனது பெட்டி 12.03.2025 அன்று வரவில்லை, 15.03.2025 காலை 11 மணிக்கு ஒப்படைக்கப்பட்டது. மான்ட்ரியல் உடன்படிக்கையின் பிரிவு 19-இன்படி 192 யூரோ கோருகிறேன். இக்கடிதம் பிரிவு 31-இன்கீழ் எழுத்துமூலப் புகார். ரசீதுகள் 5 முதல் 8.
>
> இவற்றை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். கோரிக்கை எதையேனும் ஏற்க மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுதவும்.

ஒவ்வொரு ரசீதின் ஓரத்திலும் அதன் எண்ணைப் பேனாவால் எழுதிப் பிறகு படமெடுத்தேன். அசல்களை அனுப்பவில்லை, அனுப்பவும் கூடாது.

துணிகளுக்குப் பாதிதான் தருவோம், "அவை உங்களிடமே இருக்கின்றனவே" என்கிறார்கள். சரியா?

இது பல நிறுவனங்களின் வழக்கம். உடன்படிக்கையில் அப்படி ஒரு விகிதம் இல்லை. வாங்கியது பிறகும் பயன்படும் என்பதில் நியாயம் இருக்கலாம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வெட்டு போட முடியாது. நான் பதிலில், தாமதம் இல்லாவிட்டால் அந்த உடைகளை வாங்கியிருக்கவே மாட்டேன், அதே வகை உடைகள் பெட்டியில் இருந்தன என்று எழுதினேன். உடைகளுக்கு முழுத் தொகையும் ஷூவுக்குப் பாதியும் தந்தார்கள். 192-இல் 160 கிடைத்தது. ஷூ பல ஆண்டு உழைக்கும் பொருள் என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன்.

பணத்துக்குப் பதில் பயணக் கூப்பன் தருவதாகச் சொன்னால், ஐரோப்பிய விதியின்படி உங்கள் கையொப்பமிட்ட ஒப்புதல் இல்லாமல் நிலையான இழப்பீட்டைக் கூப்பனாகத் தர முடியாது. "இதோடு எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வாசகம் ஏற்புப் படிவத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ரத்துக்கான தொகையை ஏற்கும்போது பெட்டிக்கான உரிமையும் சேர்ந்து போய்விடலாம். பயணக் காப்பீடு இருந்தால் அதையும் நாடலாம், ஆனால் ஒரே ரசீதுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது.

மாற்று விமானம் வேறொரு நிறுவனத்துடையது. பெட்டிக்கு யாரைக் கேட்பது?

பி.ஐ.ஆர். பதிவை உங்களைக் கடைசியாகக் கொண்டுவந்த நிறுவனத்திடம் செய்யுங்கள். கோரிக்கையைப் பொறுத்தவரை, தொடர் பயணத்தில் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், தாமதம் நேர்ந்த கட்டத்தை இயக்கிய நிறுவனம் ஆகிய மூன்றில் யாரையும் கேட்க உடன்படிக்கை இடம் தருகிறது. ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது சகஜம் என்பதால், 21 நாள் கெடுவுக்குள் இருவருக்குமே ஒரே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். ரத்துக்கான இழப்பீடு மட்டும் ரத்து செய்த விமானத்தை இயக்கவிருந்த நிறுவனத்தின் பொறுப்பு.

பெட்டி வரவே இல்லையென்றால்?

வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தாலோ, தொலைந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டாலோ, அதைத் தொலைந்த பெட்டியாகக் கருதிக் கோரலாம். அப்போது உள்ளே இருந்த பொருட்களின் பட்டியல், வாங்கிய ஆண்டு, இருக்கிற பழைய ரசீதுகள் எல்லாம் தேவைப்படும். அவசரத்துக்கு வாங்கியவற்றின் தொகையும் அதே 1,519 எஸ்.டி.ஆர். வரம்புக்குள்தான் அடங்கும்.

பதிலே வரவில்லை. எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

இரண்டு மாதம் என்பது என் அளவு. அதற்குப் பிறகு, ரத்துக்கான கோரிக்கையை விமானம் புறப்படவிருந்த நாட்டின் பயணி உரிமை அமலாக்க அமைப்பிடம் கொண்டுபோகலாம். ஒன்றிய நாடுகள் ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் அமைப்பு உண்டு. பெட்டிக்கான கோரிக்கையை நீதிமன்றத்தில் தொடர்வதானால், நிறுவனத்தின் தலைமையிடம் உள்ள நாட்டிலோ பயணம் சேருமிடத்திலோ தொடரலாம். டிக்கெட் வாங்கிய நாட்டில் நிறுவனத்துக்கு அலுவலகம் இருந்து அதன் வழியே ஒப்பந்தம் ஆகியிருந்தால் அங்கேயும் தொடரலாம்.

மான்ட்ரியல் உடன்படிக்கையில் வழக்குக்கு 2 ஆண்டு வரம்பு. சேருமிடம் அடைந்த நாளிலிருந்தோ, விமானம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ எண்ண வேண்டும். என் வழக்கில் பாதுகாப்பான கணக்கு, விமானம் முதலில் சேர்ந்திருக்க வேண்டிய 2025 மார்ச் 11-இலிருந்து தொடங்குகிறது. ஐரோப்பிய இழப்பீட்டுக்கு இந்த 2 ஆண்டு பொருந்தாது. வழக்கு தொடரும் நாட்டின் சட்டம் சொல்லும் காலமே வரம்பு, அது நாட்டுக்கு நாடு மாறும். நிறுவனத்தோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருப்பதால் இந்த 2 ஆண்டுக் கடிகாரம் நிற்காது.